பாகு ஊற்றிய ரவா லட்டு: கம்பிப் பதம் வந்தும் உருண்டை பிளக்கிறது, எங்கே தவறு?

புனே_லதா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொடித்த சர்க்கரையில் சூடான நெய் ஊற்றிப் பிடிக்கும் நம்ம ஊர் ரவா லட்டு இல்லை இது. இங்கே மகாராஷ்டிராவில் தீபாவளிக்குச் செய்கிற, தேங்காய் சேர்த்துப் பாகில் கிளறி ஊறவைக்கிற வகை.

அளவு: சன்ன ரவை 2 கப், தேங்காய்த் துருவல் 1 கப், சர்க்கரை ஒன்றரை கப், தண்ணீர் முக்கால் கப், நெய் 5 மேசைக்கரண்டி. ரவையை நெய்யில் வாசனை வர வறுத்தேன். பாகைத் தெர்மாமீட்டர் வைத்து 106 டிகிரியில் நிறுத்தினேன். விரலில் தொட்டும் பார்த்தேன், ஒற்றைக் கம்பி நன்றாகவே வந்தது. ஆனால் கலந்த பத்து நிமிடத்தில் எல்லாம் காய்ந்த மணல் மாதிரி ஆகிவிட்டது. அழுத்திப் பிடித்தால் கையில் நிற்கிறது, தட்டில் வைத்ததும் பிளக்கிறது. இடையிடையே சர்க்கரைக் கட்டியும் தட்டுப்படுகிறது.

கலவை அப்படியே பாத்திரத்தில் இருக்கிறது. காப்பாற்ற வழி உண்டா? அடுத்த முறை எதை மாற்றணும்?

அவசர_அடுப்பு

எதுக்குங்க இவ்வளவு கஷ்டம்? சர்க்கரையை ஏலக்காயோட மிக்ஸியில நைசா பொடிச்சு, வறுத்த ரவையில கலந்து, நெய்யை நல்லா காய்ச்சி ஊத்தி சூட்டோட பிடிங்க. இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும். உதிர்ந்தா இன்னும் ரெண்டு ஸ்பூன் நெய், அவ்வளவுதான்.

புனே_லதா

அது எனக்கு வரும். நான் கேட்பது பாகு முறை பற்றி. அதில் நெய் கம்மி, லட்டு உள்ளே ஈரப்பதமாக மெத்தென்று இருக்கும். இரண்டும் வேறு வேறு பண்டம்.

நெல்லைக்காரி

பாகு பத்தல தாயி. சீனிப் பாகு ரெட்டைக் கம்பி வரணும். ஒத்தக் கம்பியில ஊத்தினா ஒட்டுறதுக்குப் பசை இருக்காது, அதான் உதிருது. அடுத்த தடவை இன்னும் அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு ஊத்துங்க, கல்லு மாதிரி நிக்கும்.

சன்னரவை

நெல்லைக்காரி அக்கா சொல்வது பொரிவிளங்காய் மாதிரியான உருண்டைகளுக்குப் பொருந்தும். அங்கே மாவு தண்ணீர் குடிக்கக் கூடாது, பாகு இறுகிப் பிடிக்க வேண்டும். ரவா லட்டில் நடப்பது வேறு. பாகில் இருக்கும் தண்ணீரை ரவை குடித்து ஊதணும், மிச்சமிருக்கும் சர்க்கரை ஆறும்போது மணிகளுக்கு நடுவில் மெல்லிசாகப் பூத்து அவற்றை ஒட்டவைக்கணும். இரண்டுமே தண்ணீரை நம்பி நடக்கிற வேலை. லதாவின் கலவையில் தண்ணீர் குறைவு என்றுதான் தோன்றுகிறது. இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் இதைவிட மோசமாகும்.

லதா, மூன்று விஷயம் சொல்லுங்கள். தேங்காய் அப்போது துருவியதா, கடையில் வாங்கிய உலர்ந்த துருவலா? பாகை நிறுத்தியதற்கும் ரவையைக் கொட்டியதற்கும் நடுவில் என்ன செய்தீர்கள்? உங்கள் வீட்டில் வெறும் தண்ணீர் கொதிக்கும்போது அந்தத் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது?

அதுவரை பாத்திரத்தை மூடி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்தால் எது ஈரம் எது நெய் என்று கையில் தெரியாது.

புனே_லதா

தேங்காய் பாக்கெட்டில் வந்த உலர்ந்த துருவல். நல்ல காய் கிடைக்கவில்லை. பாகை அடிகனமான பாத்திரத்தில் வைத்து, 106 வந்ததும் அடுப்பை அணைத்து அதே அடுப்பின்மேல் விட்டுவிட்டேன். பிறகுதான் முந்திரி, திராட்சை, தேங்காய் மூன்றையும் தனித்தனியாக வறுத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். தண்ணீரை இப்போதுதான் கொதிக்கவைத்துப் பார்த்தேன்: 98.

சன்னரவை

சரி, மூன்றுமே ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன.

முதலில் வெப்பநிலை. ஒற்றைக் கம்பி 105, 106 டிகிரி என்பது கடல்மட்டத்து ஊர்களுக்கான கணக்கு. தண்ணீர் 100இல் கொதிக்கும் சென்னையில் அது சரி. புனே ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 98இலேயே கொதித்துவிடுகிறது. பாகின் பதம், தண்ணீர் கொதிநிலைக்கு எத்தனை டிகிரி மேலே இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. உங்களுக்கு 103, 104 வந்தபோதே ஒற்றைக் கம்பி வந்திருக்கும். நீங்கள் 106 வரை விட்டது சென்னையில் 108 வரை விட்டதற்குச் சமம். விரலில் கம்பி வந்தது என்கிறீர்கள், வரத்தான் செய்யும். பதம் தாண்டிய பாகிலும் கம்பி வரும். "வருகிறதா" என்று மட்டும் பார்க்காமல் "எப்போது முதலில் வந்தது" என்று பார்க்கணும்.

அடுத்தது அந்தப் பத்து நிமிடம். அடிகனப் பாத்திரம் அடுப்பை அணைத்த பின்னும் சூட்டை விடாது, பாகு இன்னும் கொஞ்சம் வற்றியிருக்கும். அதன்பிறகு ஆறிக் கெட்டியாகியிருக்கும். கெட்டிப் பாகு ரவை மணிகளுக்கு நடுவே ஓடாது, அங்கங்கே திட்டாக ஒட்டிக்கொள்ளும். போதாததற்குக் கரண்டி போட்டுக் கிளறியதும் சர்க்கரை பூத்துக்கொள்ளும். அதுதான் நீங்கள் சொன்ன கட்டி.

மூன்றாவது தேங்காய், பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுக்காதது. பச்சைத் தேங்காயில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான். ஒரு கப் துருவல் சுமார் 80 கிராம் என்றால் அதில் 35 கிராம் தண்ணீர். லேசாக வறுத்தாலும் பாதியாவது மிஞ்சும். ஊறும் நேரத்தில் ரவை குடிப்பது அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான். உலர்ந்த துருவலில் அது கிடையாது. அதுவே பாகை உறிஞ்சவும் செய்யும். அளவுக் குறிப்பில் தேங்காய் ஒரு கப் என்று இருந்தால் அது பச்சைத் துருவலை நினைத்து எழுதியது. உலர்ந்ததைப் போட்டால் பாகுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் கூட வேண்டும்.

இனி இருப்பதைக் காப்பாற்ற. கட்டிகளைக் கையால் நொறுக்குங்கள். நொறுங்காததை மட்டும் எடுத்து மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடுங்கள். கலவையை அகலமான வாணலியில் கொட்டி, அடுப்பை மிகச் சிறு தீயில் வைத்து, நன்றாகக் கொதித்த தண்ணீர் ஒரு மேசைக்கரண்டியைப் பரவலாகத் தெளித்துப் புரட்டுங்கள். இரண்டு நிமிடம் மூடி வைத்து இன்னொரு கரண்டி. மொத்தம் இரண்டு போதும், மூன்றைத் தாண்டாதீர்கள். கலவை கையில் சூடாகத் தெரிந்ததும் அணைத்து, மூடி, அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உள்ளங்கையில் லேசாகப் பிசுபிசுக்கணும், ஆனால் விரலில் ஒட்டி வரக்கூடாது. பச்சைத் தண்ணீர் தெளிக்க வேண்டாம், விழுந்த இடத்தில் மட்டும் ரவை சொதசொதவென ஆகிவிடும்.

அவசர_அடுப்பு

பால் தெளிச்சா இன்னும் சாஃப்டா வருமே? எங்க வீட்ல எப்பவும் பால்தான்.

சன்னரவை

வரும். அன்றைக்கே தீர்ந்துவிடும் என்றால் பால் தாராளமாகத் தெளிக்கலாம். இரண்டு மூன்று நாள் வெளியில் வைக்கணும் என்றால் வேண்டாம். பச்சைத் தேங்காய் ஏற்கெனவே சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பாலும் சேர்ந்தால் புளிக்கும்.

கார்த்தி_மைசூரு

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, இங்கேயே கேட்டுவிடுகிறேன். இங்கே கோகுலாஷ்டமிக்கு இதே மாதிரி ரவெ உண்டெ செய்வார்கள். அதே 2 கப் ரவை, ஒன்றரை கப் சர்க்கரை. நாலு மணி நேரம் ஆகியும் கலவை கையில் அப்புகிறது. பிடித்த உருண்டை தட்டில் மெதுவாக அமுங்கித் தட்டையாகிறது. தேங்காய் ஃபிரீசரில் இருந்தது, வறுக்காமல் நேராகப் பாகில் போட்டேன். பாகு பூத்துவிடக் கூடாது என்று அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கம்பி வந்ததா என்றால், கொஞ்சம் வந்தது.

கடைச்சமையல்

கொஞ்சம் வந்தது என்றால் வரவில்லை என்று அர்த்தம் தம்பி. அது பிசுக்குப் பதம், ஜாமூன் ஊறப்போட ஆகும்.

பதம் பார்க்கும் முறையிலேயே பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். கரண்டியிலிருந்து சுடச்சுடத் தொட்டுப் பார்த்தால் சரியான பாகிலும் கம்பி வராது. இன்னும் வரவில்லை என்று கொதிக்கவிட்டுக் கெடுப்பார்கள். நான் செய்வது இப்படி. சர்க்கரை முழுக்கக் கரைந்து, நுரை பெரிய குமிழாக வரும்வரை தொடுவதில்லை. பிறகு தீயைக் குறைத்துவிட்டு, ஒரு சொட்டைக் காய்ந்த எவர்சில்வர் தட்டில் விட்டு, வாய்க்குள் ஐந்து எண்ணிவிட்டு, காய்ந்த கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எடுத்து மெதுவாகப் பிரிப்பேன். அரை அங்குலம் வரைக்கும் ஒரே இழையாக நீண்டு அப்புறம் அறுந்தால் ரவைக்கு அது போதும். பிரித்த உடனே அறுந்தால் இன்னும் ஒரு நிமிடம். அறாமல் முக்கால் அங்குலத்துக்கு மேல் போனால் தாண்டிவிட்டது, உடனே இரண்டு கரண்டி சுடுதண்ணீர் விட்டு ஒரு கொதி விட வேண்டியதுதான். சொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாகைப் பெரிய தீயில் விடவே கூடாது. ஒன்றரை கப் சர்க்கரைப் பாகு அரை நிமிடத்தில் பதம் மாறிவிடும். எங்களுக்குப் பத்துக் கிலோ பாகு, அது மெதுவாகத்தான் மாறும். வீட்டளவுதான் கஷ்டம்.

சன்னரவை

அண்ணன் சொன்ன பதம்தான் நான் சொல்வதும்.

கார்த்தி, உங்கள் கலவையில் தண்ணீர் அதிகம் என்பது ஒரு பக்கம். ஃபிரீசரில் இருந்த தேங்காய் உருகும்போது நிறையத் தண்ணீர் விடும், அதை வறுக்காமல் போட்டதும் பாகு இளகியிருக்கும். அது மட்டும் என்றால் சுலபம். அடிகனப் பாத்திரத்தில் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறி, ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது இறக்கி ஆறவிட்டால் பிடிக்க வந்துவிடும். சூடாக இருக்கும்போது எந்தக் கலவையும் தளர்வாகத்தான் தெரியும். ஆறட்டும், அதற்கு முன் முடிவு கட்ட வேண்டாம்.

எனக்குப் பயம் அந்த எலுமிச்சம்பழத்தில்தான். புளிப்போடு கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பகுதி உடைந்துவிடும். உடைந்த சர்க்கரை பூக்காது, மீதியையும் சரியாகப் பூக்கவிடாது. ஜாங்கிரிக்கு அது வேண்டும். ரவா லட்டில் சர்க்கரை லேசாகப் பூத்தால்தான் உருண்டை நிற்கும். அரை மூடி ரொம்ப அதிகம். நீங்கள் கிளறி வற்றவைத்தாலும் இழுவையான உருண்டையாகத்தான் வரலாம். அரை கப் ரவையை ஒரு கரண்டி நெய்யில் வறுத்துச் சூட்டோடு கலந்து ஒரு மணி நேரம் மூடிவைத்துப் பாருங்கள். இனிப்பு குறையும், ஆனால் நிற்க வாய்ப்பு அதிகம்.

கடைச்சமையல்

எலுமிச்சை விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரை மூடி தப்பு, சரி. ஆனால் ஒரு கிலோ சர்க்கரைக்கு நாலைந்து சொட்டு விட்டால்தான் பாத்திர ஓரத்தில் பாகு பூக்காமல் இருக்கும், பரிமாறும்வரை லட்டு வறளாமலும் இருக்கும். சொட்டே விடாத லட்டு மூன்றாம் நாள் மேலே வெள்ளையாகச் சொரசொரவென்று ஆகிவிடும்.

சன்னரவை

பத்துக் கிலோவுக்கு அது பாதுகாப்பு. ஒன்றரை கப்புக்கு நாலு சொட்டு என்று கேட்டுவிட்டு ஒரு ஸ்பூன் பிழிகிறவர்கள்தான் அதிகம். ஓரத்தில் பூப்பதைத் தடுக்க, சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறி, கொதி வந்த பிறகு கரண்டியே போடாமல் இருந்தாலே போதும் என்பது என் கருத்து.

நெல்லைக்காரி

எல்லாரும் இளம்பதம் இளம்பதம்ங்கீக. பார்சல் கட்டி அனுப்புற லட்டுக்கு அது தாங்குமா? பத்து நாள் கெடாம இருக்கணும்னா ரெட்டைக் கம்பிதான். தேங்காயும் கொப்பரையத்தான் துருவிப் போடுவேன்.

சன்னரவை

அக்கா, கெடாமல் இருப்பது கொப்பரையால், பாகும் கொஞ்சம் உதவுகிறது. பச்சைத் தேங்காய் போட்டுவிட்டு இரட்டைக் கம்பி வைத்தாலும் வெளியில் மூன்று நான்கு நாளுக்கு மேல் நம்ப முடியாது. உங்கள் முறையில் கலவையைச் சுடச்சுட, ஊறவிடாமல் பிடிக்கிறீர்கள் இல்லையா? அப்படியானால் இரட்டைக் கம்பியில் நிற்கும். அது கடித்துத் தின்கிற உருண்டை. லதா கேட்பது ஊறவைத்துப் பிடிக்கிற மெத்தென்ற லட்டு. ஊறவைக்கும் முறையில் இரட்டைக் கம்பி ஊற்றினால் பிடிப்பதற்கு முன்பே இறுகிவிடும்.

நெல்லைக்காரி

ஆமா, கை பொறுக்குற சூட்டுல பிடிச்சிருவோம். ஆறவிட்டா உடைச்சுத்தான் எடுக்கணும். ஆனா எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கடிப்புதான் பிடிக்கும், நான் மாத்துறதா இல்ல.

புனே_லதா

சுடுதண்ணீர் இரண்டு கரண்டி தெளித்தேன். முதல் கரண்டிக்கு ஒன்றும் தெரியவில்லை, இரண்டாவதுக்கு அப்புறம் அரை மணி மூடிவைத்ததும் பிடிக்க வந்தது. மேலே கொஞ்சம் வெடிப்பு இருக்கிறது, ஆனால் உடையவில்லை. அடுத்த முறைக்கு வேலை வரிசையை எழுதித் தர முடியுமா அக்கா?

சன்னரவை

உங்கள் அளவையே வைத்துக்கொள்ளலாம், அளவில் தப்பில்லை. எடையில் பார்த்தால் ரவை சுமார் 350 கிராம், சர்க்கரை 300 கிராம், பச்சைத் தேங்காய்த் துருவல் 80 கிராம், நெய் 70 கிராம். எலுமிச்சம்பழ அளவில் இருபதுக்கு மேல் வரும்.

முந்திரி, திராட்சை இரண்டையும் ஒரு கரண்டி நெய்யில் முதலிலேயே வறுத்து எடுத்துவிடுங்கள். அதே வாணலியில் மீதி நெய், ரவை. தீ சிறிதாகவே இருக்கட்டும், பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். போட்டவுடன் ரவை நெய்யில் கனமாகக் கட்டிக்கொண்டு நகரும். வறுபட வறுபடக் கரண்டிக்கு லேசாகும், புரட்டும்போது மணி மணியாகச் சரியும். நிறம் ஒரு சாயல் மாறினால் போதும், சிவக்க வேண்டாம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் லட்டில் மாவு வாடை அடிக்கும், பாகு பட்டதும் கொழகொழக்கும். ரவை சரியத் தொடங்கியதும் தேங்காயைத் தூவி இன்னும் நாலைந்து நிமிடம். துருவல் ஒன்றோடொன்று ஒட்டாமல் ரவையோடு கலந்து பிரிந்தால் ஈரம் அளவாகப் போய்விட்டது. தேங்காய் சிவந்தால் அதிகம்.

ரவை முடியப்போகும்போது பக்கத்து அடுப்பில் பாகை ஏற்றுங்கள். ரவை வெதுவெதுப்பாகக் காத்திருக்கலாம், பாகு காத்திருக்கக் கூடாது. தெர்மாமீட்டர் 103 காட்டியதும் தட்டுச் சோதனையைத் தொடங்குங்கள். இழை நீண்டதும் அணைத்து, ஏலப்பொடி போட்டு, அப்படியே ரவையின்மேல் ஊற்றிக் கிளறுங்கள்.

கலந்தவுடன் தளதளவென்று கேசரி மாதிரித்தான் இருக்கும். பயந்துபோய் ரவையைச் சேர்த்துவிடாதீர்கள். மூடிவைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை புரட்டிவிடுங்கள். புரட்டாவிட்டால் மேல்பரப்பு காய்ந்து, அடியில் பாகு தங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சில சமயம் இரண்டு. ஒரு பிடி அழுத்தினால் விரல் அச்சு தெளிவாகப் பதிந்து நிற்கிறதா, அதுதான் பிடிக்கும் நேரம். உருண்டை பிடித்தபின் பளபளவென்று நெய் கசிந்தால் இன்னும் பத்து நிமிடம் பொறுக்கலாம். வெடித்தால் ஐந்து நிமிடம் பிந்திவிட்டது, உள்ளங்கையில் சுடுதண்ணீரைத் தொட்டுக்கொண்டு பிடித்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும்.

அவசர_அடுப்பு

வீட்ல உப்புமா ரவைதான் இருக்கு, அதாங்க பம்பாய் ரவை. அதுல செய்யலாமா? வறுத்த ரவைன்னு பாக்கெட்ல போட்டிருக்கு, அப்போ வறுக்கவும் வேண்டாமே?

சன்னரவை

பாக்கெட்டில் வறுத்தது என்பது வண்டு வராமல் இருக்க. நெய்யில் வறுப்பதற்கு அது ஈடாகாது, ஐந்து நிமிடம் வேண்டுமானால் குறையும். பெரிய ரவை முழுக்க ஊறாது, பல்லில் நறநறக்கும். மிக்ஸியில் இரண்டு மூன்று சுற்று விட்டுச் சன்னமாக்கிக்கொள்ளுங்கள். மாவாகிவிடக் கூடாது, மாவானால் பாகு பட்டதும் களியாகிவிடும்.

கடைச்சமையல்

பெரிய ரவையிலும் செய்யலாம். பாதி பெரிய ரவை, பாதி சன்ன ரவை போட்டு, ஊறும் நேரத்தை மூன்று மணி ஆக்கினால் தனி ருசி. சிலருக்கு அந்த மணி மணியாக இருப்பதுதான் வேண்டும்.

கார்த்தி_மைசூரு

வறுத்த ரவை அரை கப் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வைத்தேன். உருண்டை இப்போது நிற்கிறது, தட்டையாகவில்லை. ஆனால் கடித்தால் பல்லில் இழுக்கிறது. இது ராத்திரிக்குள் சரியாகுமா, இல்லை இப்படியேதானா?

சன்னரவை

இழுவை எலுமிச்சையால் வந்தது என்றால் போகாது. மூடாமல் தட்டில் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், மேல்பரப்பாவது காயும். காலையில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

கடைச்சமையல்

காய்ந்த தேங்காய்த் துருவலில் புரட்டி வையுங்கள் தம்பி. கையிலும் ஒட்டாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.